அப்பா நம்பரில் வீணாகும் டேட்டாவைத் தங்கைக்கு அனுப்ப முடியுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே கம்பெனி ப்ரீபெய்டு சிம். அப்பா பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். அவர் பேக்கில் வரும் தினசரி 1.5 ஜிபி அப்படியே வீணாகிறது. கோவையில் ஹாஸ்டலில் இருக்கும் தங்கைக்குச் சாயங்காலத்துக்குள் நெட் தீர்ந்துவிடுகிறது. அப்பாவுடைய டேட்டாவைத் தங்கைக்கு மாற்ற ஏதாவது கோட் இருக்கிறதா? அம்மா நம்பருக்கு என் பேலன்ஸிலிருந்து பத்து இருபது ரூபாய் டாக்டைம் அனுப்ப முடியுமா? முன்பெல்லாம் அனுப்புவோமே?

பதில்:

பேக்கோடு வரும் தினசரி டேட்டாவை இன்னொரு ப்ரீபெய்டு நம்பருக்கு மாற்ற முடியாது. எந்தக் கோட் அடித்தாலும் நடக்காது. டாக்டைமைப் பொறுத்தவரை, உங்கள் பேலன்ஸிலிருந்து எடுத்து அனுப்பத் தேவையே இல்லை. அம்மா நம்பருக்கு நேராக டாப்-அப் போட்டால் அதே வேலை நடக்கும், செலவும் குறையும். ஆனால் உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்த்தால் இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பல வருடம் ரீசார்ஜ் கடையில் உட்கார்ந்திருந்தவன் நான். இதே கேள்வியோடு எத்தனையோ வீட்டுக்காரர்கள் வந்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், முன்பு நடந்தது இப்போது ஏன் நடப்பதில்லை என்பதைப் பார்ப்போம். ஏர்செல் காலத்தில் நாம் பத்து ரூபாய் ஈசி போட்டால் அது சிம்மில் பணமாகவே போய் உட்கார்ந்தது. மெயின் பேலன்ஸ் என்று சொல்வோமே, அது உண்மையிலேயே ரூபாய்க் கணக்கு. பேசினால் வினாடிக்கு இத்தனை பைசா, மெசேஜ் அனுப்பினால் இத்தனை பைசா என்று அதிலிருந்து கழியும். ஒருவர் கணக்கில் ஐந்து ரூபாயைக் குறைத்து, அதே கம்பெனியின் இன்னொரு கணக்கில் ஐந்து ரூபாயைக் கூட்டுவது கம்பெனிக்குச் சுலபம். அதற்கு ஒரு சின்னக் கட்டணமும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கணக்கும் ஒரே கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருந்ததால்தான் அது முடிந்தது. வேறு கம்பெனி நம்பருக்கு அப்போதும் அனுப்ப முடியாது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இந்தக் கணக்கு முறையே மாறிப்போனது. இப்போது நீங்கள் 84 நாள் பேக் போடும்போது சிம்மில் ஒரு ரூபாய்கூட ஏறுவதில்லை. நீங்கள் வாங்குவது ஒரு உரிமை: இந்த நம்பரிலிருந்து, இந்தத் தேதி வரை, ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி பயன்படுத்தலாம் என்கிற உரிமை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அன்றைய அளவு அழிந்து, மறுநாள் அளவு புதிதாகத் தொடங்கும். அப்பா நம்பரில் 1.5 ஜிபி ‘மிச்சம்’ இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. கம்பெனிக் கணக்கில் அது சேர்த்து வைத்த சொத்தாக எங்கேயும் நிற்பதில்லை. பஸ் பாஸ் மாதிரிதான் இது. அப்பா இன்று பஸ்ஸில் ஏறவில்லை என்பதற்காக அவர் பாஸில் தங்கை இரண்டு தடவை போக முடியாது.

கம்பெனிகள் இந்த விலையில் 1.5 ஜிபி தருவதற்கும் இதுதான் காரணம். எல்லோரும் தினமும் முழு அளவையும் தீர்க்க மாட்டார்கள் என்ற கணக்கின் மேல்தான் பேக் விலை வைக்கப்படுகிறது. மிச்சத்தை வீட்டுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தக் கணக்கு நிற்காது. அதனால் நாளை ஏதாவது ஆப்பில் அந்த வசதி வரும் என்று காத்திருக்க வேண்டாம். விஐ சில பேக்குகளில் வார நாட்களில் மிச்சமான டேட்டாவைச் சனி, ஞாயிறுக்குத் தள்ளிக் கொடுக்கிறது. அதுகூட அதே நம்பருக்குத்தான்.

சரி, டாக்டைமுக்கு வருவோம். அன்லிமிடெட் பேக் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்கு மெயின் பேலன்ஸ் என்று சிலர் கேட்பார்கள். மூன்று இடங்களில் அது இன்னும் தேவைப்படுகிறது. வெளிநாட்டு நம்பருக்கு நேராக அழைப்பதற்கு ஒன்று. பேக்கில் மெசேஜ் சேராதபோது மெசேஜ் அனுப்புவதற்கு இன்னொன்று. போன் மாற்றும்போது இரண்டாவதுதான் பலரை மாட்டிவிடுகிறது. புதுப் போனில் யுபிஐ ஆப்பைப் போட்டால், அந்த நம்பர் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஆப் தானாகவே சிம்மிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்பும். அந்த மெசேஜுக்கு ஒன்று ஒன்றரை ரூபாய் ஆகும். பேக்கில் மெசேஜ் இல்லாமல், மெயின் பேலன்ஸும் பூஜ்யமாக இருந்தால், சரிபார்ப்புத் தோல்வி என்று திரும்பத் திரும்ப வரும். நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துப் போனை அணைத்து அணைத்துப் போடுவார்கள். அங்கே வேண்டியது ஒரு பத்து ரூபாய் டாப்-அப் மட்டும்தான். (நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற 1900-க்கு அனுப்பும் மெசேஜுக்கு மட்டும் இந்தத் தடை இருக்கக் கூடாது, எந்த பேக் ஆனாலும் அந்த மெசேஜ் போக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2021 டிசம்பரில் உத்தரவிட்டது.) மூன்றாவது இடத்தைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன், அது அப்பாவுக்கு உதவும்.

இப்போது பத்து ரூபாய் போட்டால் எவ்வளவு ஏறும் என்பதைப் பாருங்கள், ஏனென்றால் கைமாற்றுவது ஏன் நஷ்டம் என்பது இதில் தெரிந்துவிடும். பத்து ரூபாய் டாப்-அப்பில் ஏறுவது 7 ரூபாய் 47 பைசா. கடைக்காரர் கமிஷன் எடுத்துக்கொண்டார் என்று இதற்காக எத்தனை பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள்! கணக்கு இதுதான்: பத்து ரூபாய்க்குள் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். அதைக் கழித்தால் 8.47. அதில் ஒரு ரூபாய் செயலாக்கக் கட்டணம். மீதி 7.47. இந்தக் கட்டணம் டாப்-அப் விலையில் பத்து சதவீதம், அல்லது மூன்று ரூபாய், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்பது ட்ராய் விதி. அதனால் சின்னத் தொகையில் இழப்பு அதிகம், பெரிய தொகையில் குறைவு. இருபது ரூபாய்க்கு 14.95 ஏறும். ஐம்பதுக்கு 39.37. நூறு ரூபாய்க்கு 81.75. அதே நூறைப் பத்துப் பத்தாகப் பத்து தடவை போட்டால் 74.70தான் கிடைக்கும்.

அப்படியானால், நீங்கள் உங்கள் நம்பரில் டாப்-அப் போட்டு அதிலிருந்து அம்மாவுக்கு அனுப்புவது என்றால், வரியும் கட்டணமும் ஏற்கெனவே ஒரு தடவை போன பணத்தில் இன்னொரு தடவை கட்டணம் போகும். அன்றைக்குக் கடை தூரத்தில் இருந்தது, ராத்திரி பத்து மணிக்கு ரீசார்ஜ் கார்டு கிடைக்காது, அதனால் அந்த வசதிக்கு மதிப்பு இருந்தது. இன்றைக்கு உங்கள் போனிலேயே யுபிஐ ஆப்பைத் திறந்து, அம்மா நம்பரை அடித்து, டாப்-அப் பகுதியில் தொகையைத் தேர்ந்தெடுத்தால் அரை நிமிடத்தில் ஏறிவிடும். அம்மா சிம் வேறு கம்பெனியாக இருந்தாலும் ஏறும். ஓடிபி எதுவும் அவரிடம் கேட்க வேண்டியதில்லை. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகள் இங்கே உள்ள அம்மா அப்பாவுக்கு ரீசார்ஜ் போடுவதும் இப்படி நேராகத்தான்.

இதில் இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். ஒன்று, நம்பரில் ஓர் இலக்கம் மாறிப்போவது. வேறு யாருக்கோ ஏறிவிட்ட ரீசார்ஜைத் திரும்ப வாங்குவது ஏறக்குறைய நடக்காத காரியம். அதனால் நம்பரைக் கையால் அடிக்காமல் போன்புத்தகத்திலிருந்தே எடுங்கள். இரண்டாவது, கம்பெனி மாற்றிய நம்பர்கள். ஆப் சில சமயம் பழைய கம்பெனி பெயரையே காட்டும். பார்க்காமல் பணம் கட்டினால் ரீசார்ஜ் ஏறாது, பணம் ‘பெண்டிங்’ என்று நின்று, திரும்பி வர இரண்டு மூன்று நாள் ஆகும். பணம் கட்டுவதற்கு முன் கம்பெனி பெயரும் தமிழ்நாடு வட்டமும் சரியா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி தங்கை விஷயம். உங்கள் கேள்வியில் நான் முக்கியமாகப் பார்ப்பது அப்பாவின் பேக்கைத்தான். பட்டன் போன் வைத்திருப்பவருக்கு எதற்கு டேட்டா பேக்? சில வருடங்களாக வேறு வழியே இல்லை என்பது உண்மைதான். நீண்ட நாள் பேக் எதை எடுத்தாலும் டேட்டாவும் சேர்ந்தே வந்தது. வயதானவர்களும் பட்டன் போன்காரர்களும் பயன்படுத்தாத டேட்டாவுக்கு வருடக்கணக்கில் காசு கட்டினார்கள். எனக்கு அது எப்போதும் மனதை உறுத்திய விஷயம். 2024 டிசம்பரில் ட்ராய் விதியைத் திருத்தி, பேச்சும் மெசேஜும் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது கட்டாயம் தர வேண்டும் என்றது. அதற்குப் பிறகு 2025 ஜனவரியில் கம்பெனிகள் அப்படிப்பட்ட பேக்குகளைக் கொண்டுவந்தன.

உங்கள் சிம் எந்தக் கம்பெனி என்று நீங்கள் சொல்லவில்லை. உதாரணத்துக்கு ஏர்டெல் என்று வைத்துக்கொண்டு, 2025 தொடக்கத்தில் இருந்த விலையில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விலை மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் கணக்குப் போடும் முறை அதேதான். தினமும் 1.5 ஜிபி வரும் 84 நாள் பேக் 859 ரூபாய். அப்பாவுக்கும் தங்கைக்கும் அதே பேக் என்றால் இரண்டுக்கும் 1,718 ரூபாய். பேச்சும் 900 மெசேஜும் மட்டும் உள்ள 84 நாள் பேக் அப்போது 469 ரூபாய். அப்பாவை அதற்கு மாற்றினால் 390 ரூபாய் மிச்சம். அப்பாவுக்கு இதில் எந்தக் குறையும் இல்லை; பேச்சு அன்லிமிடெட்தான்.

அந்த 390 ரூபாயைத்தான் தங்கைக்கு மாற்ற வேண்டும். தினமும் 2 ஜிபி வரும் 84 நாள் பேக் 979 ரூபாய். அவளை அதற்கு ஏற்றினால் 120 ரூபாய் கூடும். 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு, தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பேக்குகளில்தான் ஏர்டெலும் ஜியோவும் அன்லிமிடெட் 5ஜி கொடுத்தன. அதாவது தங்கையிடம் 5ஜி போன் இருந்து, ஹாஸ்டலில் 5ஜி சிக்னலும் இருந்தால், அங்கே செலவாவது அந்த 2 ஜிபியில் கழியாது. சாயங்காலம் நெட் தீரும் பிரச்சினை அப்படியே போய்விடும். இப்போது இருவருக்கும் சேர்த்து 469-உம் 979-உம் 1,448 ரூபாய். பழைய 1,718-ஐவிட 270 ரூபாய் குறைவு.

அவளிடம் 4ஜி போன்தான், அல்லது ஹாஸ்டல் அறைக்குள் 5ஜி வராது என்றால், அந்த 120 ரூபாய்க்குத் தினம் அரை ஜிபிதான் கூடும். அது போதாமல் போகலாம். அப்போது தினசரி பேக்கை ஏற்றாமல், பழைய 1.5 ஜிபி பேக்கையே வைத்துக்கொண்டு, அதன் மேல் டேட்டா வவுச்சர் போடுவது நல்லது. பூஸ்டர், ஆட்-ஆன் என்று ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். மொத்தமாக 10, 12 ஜிபி தரும் வவுச்சரில் தினசரி எல்லை இல்லை. அன்றைய 1.5 ஜிபி தீர்ந்த பிறகுதான் இது செலவாகத் தொடங்கும். வகுப்பு வீடியோ நிறைய பார்க்க வேண்டிய நாளில் இரண்டு ஜிபி போகும், மற்ற நாளில் ஒன்றும் போகாது. இதையும் நீங்கள் வீட்டிலிருந்தே அவள் நம்பருக்குப் போடலாம். ஒரு நம்பருக்கு டேட்டாவைப் பரிசாகக் கொடுப்பது என்றால் இன்றைய நடைமுறையில் இதுதான்.

வவுச்சர் போடும்போது விலையைவிட வேலிடிட்டி வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும். நான் பட்ட பாடு இது. பரீட்சை நேரத்தில் ஒரு ராத்திரி பத்தே முக்காலுக்கு அண்ணன் மகன் போன் பண்ணி, நெட் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வேண்டும் என்றான். அவசரத்தில் ஒரு நாள் வவுச்சர் போட்டேன். ஒரு நாள் என்றால் மறுநாள் இதே நேரம் வரை என்று நினைத்துவிட்டேன். அது அன்று நள்ளிரவு வரைதான். ஒன்றேகால் மணி நேரத்தில் மொத்தமும் போய்விட்டது. காலையில் அவன் எழுந்தபோது அவனுடைய வழக்கமான அளவு மட்டும்தான் இருந்தது. ஒரு நாள் வவுச்சர் பலவற்றில் இதே நள்ளிரவுக் கணக்குதான். அதனால் சாயங்காலத்துக்கு மேல் ஒரு நாள் வவுச்சர் போடாதீர்கள். நள்ளிரவில் எப்படியும் 1.5 ஜிபி புதிதாக வரப்போகிறது.

இன்னொன்று. டேட்டா வவுச்சருக்குத் தனியாக உயிர் கிடையாது. அடியில் ஒரு பேக் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது வேலை செய்யும். பேக் முடிந்த நம்பருக்கு வவுச்சர் மட்டும் போட்டுவிட்டு, நெட் வரவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. கம்பெனியின் சொந்த ஆப்பில் தங்கை நம்பரையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அவள் போனுக்கு ஓர் ஓடிபி வரும், அவ்வளவுதான். அதன் பிறகு அவள் பேக் என்றைக்கு முடிகிறது, இன்று எவ்வளவு மிச்சம் என்பதை உங்கள் போனிலேயே பார்க்கலாம். பார்த்துவிட்டுப் போட்டால் தவறு வராது.

லீவுக்குத் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டால் நிலைமை வேறு. ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது டேட்டாவைப் பகிர ஹாட்ஸ்பாட்டைவிட நல்லது இல்லை. உங்கள் போனில் மிச்சமாவதை அவள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இதற்குக் கம்பெனியின் அனுமதி, கோட் எதுவும் வேண்டாம். ஆனால் ஹாட்ஸ்பாட் போட்ட பத்து நிமிடத்தில் ஒரு ஜிபி காலி என்று புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். காரணம், இணைந்த கருவி இதை வைஃபை என்று நினைத்துவிடுவது. வைஃபை என்றால் அளவில்லாதது என்று எடுத்துக்கொண்டு, அதுவரை தள்ளிவைத்திருந்த போட்டோ பேக்கப், ஆப் அப்டேட் எல்லாவற்றையும் பின்னால் தொடங்கிவிடும். ஆண்ட்ராய்டு போனிலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்குப் பகிரும்போது, இது அளவான இணைப்பு என்ற தகவல் பெரும்பாலும் தானாகவே போய்விடும். லேப்டாப்தான் ஆபத்து. விண்டோஸில் அந்த ஹாட்ஸ்பாட்டின் அமைப்புக்குள் போய் Metered connection என்பதை நாமே ஆன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் விண்டோஸ் அப்டேட் ஒன்றே அன்றைய டேட்டாவைத் தின்றுவிடும். ஐபோன் இணைகிறது என்றால், அந்த வைஃபை பெயருக்குள் Low Data Mode போட்டுவிடுங்கள்.

அம்மாவின் பழைய போனில் உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரே தெரியவில்லை என்றால் போன் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். உங்கள் போன் 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது, அவர் போனுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ஹாட்ஸ்பாட் அமைப்பில் அலைவரிசையை 2.4-க்கு மாற்றினால் உடனே தெரியும்.

வீட்டுக்குள் டேட்டாவை உண்மையாகவே பொதுவில் வைத்துக்கொள்ளும் வழி ஒன்றுதான்: போஸ்ட்பெய்டு குடும்பத் திட்டம். அதில் தினசரி எல்லை கிடையாது, மாதத்துக்கு மொத்தமாக ஒரு குளம் போல டேட்டா இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஜியோவின் ஒரு திட்டத்தை உதாரணமாகச் சொல்கிறேன். 2024 விலையேற்றத்துக்குப் பிறகு முதல் நம்பருக்கு மாதம் 449 ரூபாய், 75 ஜிபி. கூட மூன்று நம்பர் வரை சேர்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் 150 ரூபாய், ஒவ்வொன்றும் 5 ஜிபி கூட்டித் தரும். உங்கள் வீட்டுக்கு நான்கு நம்பர் என்றால் 449-உம் 450-உம் 899. போஸ்ட்பெய்டு விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி, ஆகவே பில் ஏறக்குறைய 1,061 ரூபாய். ப்ரீபெய்டு விலை எல்லாம் வரியோடு சேர்ந்தது என்பதை மறந்து இரண்டையும் ஒப்பிடுபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

மொத்தம் 90 ஜிபி, அதாவது நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 3 ஜிபி. அப்பா எதுவும் எடுக்க மாட்டார், அம்மா கொஞ்சம், நீங்கள் கொஞ்சம், மீதி தங்கைக்கு. இது உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவரலாம். ஆனால் பட்டன் போன் வைத்திருக்கும் அப்பாவுக்கு மாதம் வரியோடு 177 ரூபாய் ஆகிறது. மேலே சொன்ன 469 ரூபாய் பேக் 84 நாளுக்கு வரும், மாதத்துக்குக் கிட்டத்தட்ட 168. ஆக அவரைச் சேர்ப்பதால் லாபம் இல்லை. குடும்பத் திட்டம் லாபமாவது, வீட்டில் இரண்டு பேர் டேட்டாவை நிறைய தின்று, ஆனால் ஒரே நாளில் தின்னாமல் இருக்கும்போதுதான். அளவு தாண்டினால் தனியாகக் காசு ஏறும், பில் முதல் நம்பர்காரர் தலையில் விழும். வீட்டில் யாராவது கணக்கில்லாமல் பார்ப்பவர் என்றால் ப்ரீபெய்டே நிம்மதி, அங்கே தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸுக்கு இறங்குமே தவிர பில் வராது.

அப்பா விஷயத்தில் பாக்கி வைத்த மூன்றாவது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் நம்பர்தான் வங்கி, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றிலும் இருக்கும். பேக் முடிந்து யாரும் கவனிக்காமல் விட்டு, தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லை என்றால் கம்பெனி அந்த இணைப்பைத் துண்டிக்கலாம். ஆனால் அந்தச் சமயத்தில் மெயின் பேலன்ஸில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அந்த 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நம்பரை வைத்திருக்க வேண்டும் என்பது 2013-இல் வந்த ட்ராய் விதி. இருபது ரூபாய் டாப்-அப் போட்டு வைத்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். போதாது. மேலே பார்த்தோமே, இருபதுக்கு 14.95தான் ஏறும். ஐம்பது ரூபாய் போட்டு வையுங்கள், 39.37 ஏறும். இதனால் பேச்சு வந்துவிடாது, பேசப் பேக் வேண்டும். நம்பர் கைவிட்டுப் போகாமல் இருக்கும், அவ்வளவுதான். டாப்-அப் பணத்துக்குக் காலாவதி கிடையாது என்பதால் அது அப்படியே கிடக்கும்.

கடைசியாக, கோட் என்று கேட்டீர்கள், அதனால் இதைச் சொல்லாமல் விட மாட்டேன். டேட்டா மாற்றும் கோட், இலவச டேட்டா பெறும் கோட் என்று வாட்ஸ்அப்பில் வரும் எதையும் அடிக்காதீர்கள், அம்மாவையும் அடிக்கவிடாதீர்கள். குறிப்பாகக் கீழே உள்ள மாதிரியில், நட்சத்திரக் குறிக்கும் எண்களுக்கும் பின்னால் ஒரு பத்து இலக்க போன் நம்பர் வந்தால்:

```
*401*...
**21*...#
```

இரண்டும் உங்களுக்கு வரும் அழைப்பையெல்லாம் அந்த நம்பருக்குத் திருப்பிவிடும் கோட். டேட்டாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. திருப்பிவிட்ட பிறகு, ஓடிபியைக் குரல் அழைப்பில் சொல்லும் வசதியைப் பயன்படுத்தி உங்கள் வாட்ஸ்அப்பையோ வங்கிக் கணக்கையோ அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இந்த மோசடி பெருகியதால்தான் கோட் மூலம் அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்குச் சொன்னது. வீட்டில் யாராவது ஏற்கெனவே எதையாவது அடித்திருப்பார்களோ என்று சந்தேகம் இருந்தால், அந்தப் போனில் முதல் வரியை அடித்துப் பாருங்கள். திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்று காட்டும். இரண்டாவது வரி எல்லாத் திருப்பலையும் நீக்கும்:

```
*#21#
##002#
```

இதோடு போனின் கால் அமைப்புக்குள்ளும் போய் Call forwarding பகுதி அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காசு போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் செய்யச் சொல்வது இதுதான். அப்பாவின் இப்போதைய பேக் என்றைக்கு முடிகிறது என்று பாருங்கள். அதுவரை மாற்ற வேண்டாம், கட்டிய காசு ஓடட்டும். முடியும் நாளில் அவர் நம்பரை ஆப்பில் அடித்து, பேச்சு மட்டும் உள்ள பேக்கைத் தேடுங்கள். பட்டியலில் முதலில் வராது, கொஞ்சம் கீழே இறங்கித் தேட வேண்டும். அதற்கு முன்பே, இந்த வாரம் தங்கையிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுவையுங்கள்: ஹாஸ்டல் அறையில், அவள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தால், போனின் மேல்மூலையில் 5ஜி என்று வருகிறதா, 4ஜி என்று வருகிறதா? அவள் சொல்லும் பதிலைப் பொறுத்து 2 ஜிபி பேக்கா, வவுச்சரா என்று முடிவு செய்யுங்கள்.